மேல் ஸ்வரம் உடனே அடங்குகிறது, கீழ் ஸ்வரம் அடங்கவே மாட்டேன் என்கிறது: கம்பி ஒலியின் லூப்புக்குள் நடப்பது

கேள்வி: டிலே லைனில் இரைச்சலை நிரப்பி, வெளியே வருவதை இரண்டு சாம்பிள் சராசரி எடுத்துத் திரும்ப உள்ளே விடுகிறேன். 440 ஹெர்ட்ஸில் கம்பியை மீட்டியது போலவே இருக்கிறது. இரண்டு ஆக்டேவ் மேலே போனால் சுருதி விலகுகிறது, 'டிக்' என்று அடங்கியும் விடுகிறது. இரண்டு ஆக்டேவ் கீழே போனால் ஒலி நிற்கவே இல்லை. ஒரே நிரல்தானே, ஏன் இப்படி? சாம்பிள் ரேட் 44100.

பதில்:

நிரலில் தவறு எதுவும் இல்லை. 1983ல் கெவின் கார்ப்ளஸும் அலெக்ஸாண்டர் ஸ்ட்ராங்கும் கம்ப்யூட்டர் மியூசிக் ஜர்னலில் வெளியிட்ட முறை அப்படியே இதுதான், அதன் இயல்பும் இதுதான். அதே இதழில் டேவிட் ஜாஃபேயும் ஜூலியஸ் ஸ்மித்தும் எழுதிய இன்னொரு கட்டுரையில் நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் தீர்வு வந்துவிட்டது. கீழே சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்த வழிதான்.

சுருக்கமாகச் சொன்னால், சுருதி விலகக் காரணம் டிலே லைனின் நீளம் முழு எண்ணாக மட்டுமே இருக்க முடிவது. கார்வை மாறக் காரணம், ஃபில்டர் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்து ஒலியைத் தின்பது. மேல் ஸ்வரம் ஒரு விநாடியில் அதிகச் சுற்று சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாகவும் இழக்கிறது. இரண்டும் சேர்ந்து அடிக்கின்றன. விவரமாகப் பார்ப்போம்.

ஒரு சுற்றில் என்ன நடக்கிறது

உங்கள் நிரல் செய்வது இந்த ஒரு வரிதான்:

```
y[n] = 0.5 * (y[n-N] + y[n-N-1])
```

N சாம்பிள் நீளமுள்ள இரைச்சல் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. திரும்ப ஒலிப்பதால் காதுக்கு அது இரைச்சலாக இல்லாமல் ஒரு ஸ்வரமாகக் கேட்கிறது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அடுத்தடுத்த இரண்டு சாம்பிள்களின் சராசரி எடுக்கப்படுவதால் துண்டின் கூர்மைகள் கொஞ்சம் கொஞ்சமாக மழுங்குகின்றன. முதலில் பளீரென்று தொடங்கி, மேல் ஹார்மானிக்குகள் ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில் கிட்டத்தட்ட ஒரு சைன் அலை மட்டும் மிஞ்சும். நிஜக் கம்பியிலும் மேல் ஹார்மானிக்குகள்தான் முதலில் போகும். காது இதைக் கம்பி என்று ஏமாறுவதற்கு முக்கியக் காரணம் அதுவே.

ஏமாற்று என்றும் முழுக்கச் சொல்லிவிட முடியாது. கம்பியை மீட்டினால் அலை இரண்டு முனைகளுக்கும் ஓடி, மோதித் திரும்பி வருகிறது. அந்தப் போய்வரும் நேரம்தான் டிலே லைன். வழியெல்லாம் சிறிது சிறிதாக ஏற்படும் இழப்பை ஒரே இடத்தில் மொத்தமாகக் கழித்தால் அதுதான் ஃபில்டர். கம்பி நேரியல்பானது என்று எடுத்துக்கொள்ளும் வரை, இழப்பை எந்த இடத்தில் கழித்தாலும் கணக்கு ஒன்றுதான்.

சுருதி எங்கே நழுவுகிறது

N சாம்பிள் டிலே என்றால் அலைவெண் 44100/N என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சராசரி எடுப்பதும் ஒரு தாமதம். தற்போதைய சாம்பிளுக்கும் முந்தைய சாம்பிளுக்கும் நட்டநடுவில் விழுவதால் அது சரியாக அரை சாம்பிள் தாமதம். ஆகவே ஒரு சுற்றின் உண்மையான நீளம் N + 0.5, அலைவெண் 44100/(N + 0.5).

இந்த அரை சாம்பிள் எல்லா அலைவெண்களுக்கும் ஒரே அளவு என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் இந்த எளிய சராசரி ஃபில்டருக்கு இவ்வளவு மதிப்பு. எல்லா ஹார்மானிக்கும் ஒரே நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கின்றன, அதனால் ஒன்றோடொன்று சரியான முழு எண் விகிதத்திலேயே நிற்கின்றன. இதற்குப் பதில் வேறு ஃபில்டர் வைத்தால் அந்த ஒழுங்கு கொஞ்சம் குலையும். அதைப் பிறகு சொல்கிறேன்.

440க்கு ஒரு சுற்று 100.227 சாம்பிள் இருக்க வேண்டும். அரையைக் கழித்தால் N 99.727 ஆக வேண்டும். முழு எண்தான் வைக்க முடியும் என்பதால் 100 வைக்கிறீர்கள். வருவது 438.8 ஹெர்ட்ஸ், அதாவது 4.7 சென்ட் குறைவு. ஒரு செமிடோன் 100 சென்ட். தனியாகக் கேட்டால் இதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். பக்கத்தில் சரியான 440 சைன் அலையை ஒலிக்கவிட்டால் மட்டும் விநாடிக்கு ஒரு முறைக்குச் சற்று மேல் ஒலி ஏறி இறங்குவது தெரியும்.

இப்போது 1760. ஒரு சுற்று 25.057 சாம்பிள், N 24.557 ஆக வேண்டும். 25 வைத்தால் 1729.4 ஹெர்ட்ஸ், 30 சென்ட் குறைவு. 24 வைத்தால் சரியாக 1800 ஹெர்ட்ஸ், 39 சென்ட் அதிகம். நடுவில் வேறு ஸ்வரமே கிடையாது. சுருதி விலகுகிறது என்று நீங்கள் கேட்டது இதைத்தான். கீழே 110ல் N 400 வைத்தால் பிழை 2 சென்ட்டுக்கும் குறைவு, அதனால் அங்கே புகார் எழவில்லை.

சாம்பிள் ரேட்டை இரட்டிப்பாக்கினால் பிழை பாதியாகும், ஒழியாது. செய்ய வேண்டியது, சாம்பிளின் ஒரு பின்னத்தை மட்டும் தாமதிக்கும் ஏதாவதொன்றை லூப்பில் சேர்ப்பது.

உடனே மனதில் வருவது லீனியர் இன்டர்போலேஷன். இரண்டு பக்கத்துச் சாம்பிள்களை 0.443, 0.557 என்று எடை போட்டுக் கலந்தால் 0.557 சாம்பிள் தாமதம் வந்துவிடும். சுருதி சரியாகவே அமையும். ஆனால் அந்தக் கலவையை உற்றுப் பாருங்கள், அதுவே இன்னொரு சராசரி. அதாவது லூப்பில் இரண்டாவதாக ஒரு லோபாஸ் ஃபில்டர் வைத்துவிட்டீர்கள். 1760ன் கார்வை ஏறக்குறைய பாதியாகிவிடும். அதைவிட எரிச்சலான விஷயம், இந்த இழப்பு ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறும். பின்னம் 0.5க்கு அருகே விழும் ஸ்வரம் மங்கலாகவும், பின்னம் 0க்கோ 1க்கோ அருகே விழும் ஸ்வரம் பளீரென்றும் ஒலிக்கும். ஏறுவரிசையில் ஒரு ஸ்கேல் வாசித்தால், நடுவில் சில ஸ்வரங்களை மட்டும் யாரோ கையால் அமுக்கிப் பிடித்தது போல இருக்கும். லீனியர் இன்டர்போலேஷன் வைத்த நிரலைக் கண்டுபிடிக்க இந்த அடையாளம் ஒன்றே போதும்.

ஆகவே எந்த அலைவெண்ணையும் குறைக்காமல் தாமதம் மட்டும் தருகிற ஆல்பாஸ் ஃபில்டர் வேண்டும்:

```
y[n] = C*x[n] + x[n-1] - C*y[n-1]
C = (1 - d) / (1 + d)
```

d என்பது வேண்டிய பின்னத் தாமதம். 440க்கு N = 99, d = 0.727, C = 0.158. 1760க்கு N = 24, d = 0.557, C = 0.285. இந்தச் சூத்திரம் தாழ்ந்த அலைவெண்களில்தான் துல்லியமானது, மேலே போகப் போகத் தாமதம் சற்றே மாறும். ஆனாலும் 1760ல் கணக்குப் போட்டுப் பார்த்தால் பிழை 0.14 சென்ட்தான். முன்பு 30 இருந்தது.

d மிகச் சிறியதாக, 0.02 போல வந்தால் C ஒன்றை நெருங்கிவிடும். அப்போது ஃபில்டர் பழைய உள்ளீட்டை மறக்க நேரம் எடுக்கும். ஸ்வரத்தை நகர்த்தும்போது அது கரகரப்பாக வெளிப்படும். அப்படி வந்தால் N ஐ ஒன்று குறைத்து d ஐ ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். d எப்போதும் 0.1க்கும் 1.1க்கும் இடையே இருந்தால் தொல்லை இல்லை. கீழே உள்ள நிரலில் `- 0.1` என்று வருவது இதற்காகத்தான்.

கார்வை: சுற்றுக்கு இழப்பு, விநாடிக்குச் சுற்று

இரண்டு சாம்பிள் சராசரி f என்ற அலைவெண்ணை ஒவ்வொரு சுற்றிலும் `cos(π f / fs)` மடங்காகக் குறைக்கும். f சிறியதாக இருந்தால் இது ஒன்றுக்கு மிக அருகில் இருக்கும். 440ன் அடிப்படை அலைக்கு ஒரு சுற்றில் போவது சுமார் 0.05 சதவீதம்தான். விநாடிக்கு 440 சுற்று. ஒலி 60 டெசிபெல் இறங்குவதை அடங்கியதாக வைத்துக்கொண்டால், இதற்கு 32 விநாடி ஆகிறது. இதே ஸ்வரத்தின் பத்தாவது ஹார்மானிக், அதாவது 4400 ஹெர்ட்ஸ், ஒரு சுற்றில் கிட்டத்தட்ட 5 சதவீதம் இழக்கிறது. 0.31 விநாடியில் அது காலி. பளீர் ஓசை சட்டென்று போய் அடிநாதம் மட்டும் நீள்கிறதே, அது இந்த இடைவெளிதான். 440ல் இந்த விகிதம் காதுக்கு இசைவாக அமைந்துவிட்டது.

இப்போது ஸ்வரத்தை ஒரு ஆக்டேவ் ஏற்றுங்கள். அடிப்படை அலை இரட்டிப்பாகிறது. ஒரு சுற்றின் இழப்பு அலைவெண்ணின் வர்க்கத்தோடு போவதால் அது 4 மடங்காகிறது. விநாடிக்குச் சுற்றுகளோ 2 மடங்கு. மொத்தம் 8 மடங்கு வேகமாக அடங்கும். இரண்டு ஆக்டேவுக்கு 64 மடங்கு. எனவே 440ல் 32 விநாடியாக இருந்தது 1760ல் அரை விநாடி. கீழே இறங்கினால் கதை தலைகீழ். 110ல் 32 விநாடியை 64ஆல் பெருக்குங்கள்: 2045 விநாடி, 34 நிமிடம்! நிற்கவே இல்லை என்று நீங்கள் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. அந்த ஸ்வரத்தின் பத்தாவது ஹார்மானிக்கே 20 விநாடி நிற்கும்.

நிஜக் கம்பியிலும் கீழ் ஸ்வரம் அதிக நேரம் நிற்கும், மேல் ஸ்வரம் சீக்கிரம் அடங்கும். ஆனால் இவ்வளவு செங்குத்தாக அல்ல. ஆகவே இரண்டு பக்கமும் திருத்த வேண்டும், இரண்டுக்கும் வெவ்வேறு கருவி தேவை.

கீழ்ப்பக்கம் சுலபம். லூப்பில் ஒன்றைவிடச் சற்றே குறைந்த ஒரு எண்ணால், rho என்று வைத்துக்கொள்வோம், பெருக்கினால் போதும். எல்லா அலைவெண்ணும் சம அளவில் சீக்கிரம் அடங்கும். t விநாடியில் 60 டெசிபெல் இறங்க வேண்டுமானால்:

```
rho = 10 ** (-3 / (f0 * t))
```

110 ஹெர்ட்ஸ், 6 விநாடி என்றால் rho = 0.9896. இந்த எண் ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாற வேண்டும். எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே 0.99 என்று நிரலில் எழுதி வைப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அது 110ல் 6 விநாடி, 440ல் ஒன்றரை விநாடி, 1760ல் கால் விநாடிக்கும் சற்றுக் குறைவு என்று முடியும். ஏற்கனவே செத்துக்கொண்டிருந்த மேல் ஸ்வரத்துக்கு அது இன்னொரு அடி.

மேல்பக்கத்தில் rho ஒன்றைத் தாண்டக் கூடாது. லூப் பெருகி வெடித்துவிடும். அங்கே ஃபில்டரையே இளக்க வேண்டும். பாதிக்குப் பாதி என்ற எடையை மாற்றி, தற்போதைய சாம்பிளுக்கு 1 - S, முந்தையதற்கு S என்று கொடுங்கள். S = 0.5 என்றால் பழைய சராசரி. S குறையக் குறைய ஃபில்டர் மென்மையாகும், பூஜ்யத்தில் இழப்பே இல்லை. 1760ல் S = 0.1 வைத்தால் கார்வை 0.5 விநாடியிலிருந்து 1.4 விநாடியாகிறது, மேல் ஹார்மானிக்குகளும் கூடவே கொஞ்சம் நிற்கின்றன. உலோகக் கம்பியின் சாயல் வரும்.

இங்கே ஒரு பிடி இருக்கிறது. ஃபில்டரின் தாமதம் இப்போது அரை சாம்பிள் இல்லை, ஏறக்குறைய S சாம்பிள். S ஐ மாற்றினால் சுருதியும் நகரும். 1760ல் S ஐ 0.5லிருந்து 0.1க்குக் கொண்டுவந்து, ஆல்பாஸைத் திரும்பக் கணக்கிடாமல் விட்டால், ஒரு சுற்று 0.4 சாம்பிள் குறைந்து ஸ்வரம் 28 சென்ட் ஏறிவிடும். எனவே முதலில் S ஐ முடிவு செய்யுங்கள், அப்புறம் அதைக் கழித்து N, d, C. S = 0.1 உடன் 1760க்கு வருவது N = 24, d = 0.957, C = 0.022.

இந்த S ஃபில்டரும், மேலே வேண்டாம் என்று ஒதுக்கிய லீனியர் இன்டர்போலேஷனும் எழுத்துக்கு எழுத்து ஒரே சூத்திரம். ஒன்றில் அதன் இழப்பை நாம் கேட்டு வாங்குகிறோம், மற்றதில் அது கேட்காமல் வருகிறது. கார்வைக்கு ஒரு கைப்பிடி, சுருதிக்கு இன்னொரு கைப்பிடி என்று தனித்தனியாக வைத்தால்தான் ஸ்வரங்களைச் சீராக்க முடியும்.

எல்லாம் சேர்ந்த நிரல்

```python
import numpy as np

def pluck(f0, fs=44100, dur=3.0, rho=1.0, S=0.5):
    P = fs / f0
    N = int(P - S - 0.1)
    d = P - S - N
    C = (1 - d) / (1 + d)

    buf = np.random.uniform(-1, 1, N)
    buf -= buf.mean()

    out = np.zeros(int(fs * dur))
    prev = ax = ay = 0.0
    i = 0
    for n in range(len(out)):
        x = buf[i]
        out[n] = x
        lp = rho * ((1 - S) * x + S * prev)
        prev = x
        ay = C * (lp - ay) + ax
        ax = lp
        buf[i] = ay
        i = (i + 1) % N
    return out
```

பஃபரின் நீளம் சரியாக N. படித்த இடத்திலேயே எழுதுவதால், எழுதியது N சாம்பிள் கழித்துத் திரும்ப வரும். முந்தைய சாம்பிளுக்கு `prev` என்று தனி மாறி இருக்கிறது. பஃபரிலேயே `buf[i]`, `buf[i+1]` இரண்டையும் படித்துச் சராசரி எடுக்கும் நிரல்களும் உண்டு. அவை அடுத்த சாம்பிளை முன்கூட்டியே பார்ப்பதால் ஒரு சுற்று N + 0.5க்குப் பதில் N - 0.5 ஆகிறது. 440ல் அந்த ஒரு சாம்பிளுக்கு 17 சென்ட் விலை. உங்கள் சுருதி எப்போதும் ஒரே பக்கம், அதாவது உயர்வாகவே, விலகினால் முதலில் இங்கே பாருங்கள்.

`pluck(110, dur=7, rho=0.9896)`, `pluck(440, rho=0.995)`, `pluck(1760, S=0.1)` மூன்றையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். மூன்றும் ஒரே வாத்தியத்தில் இருந்து வருவது போல இருக்க வேண்டும். சுருதியைச் சோதிக்க, அதே அலைவெண் சைன் அலையை மெதுவாகக் கலந்து கேளுங்கள். பழைய நிரலின் 1760ல் இரண்டுக்கும் 30 ஹெர்ட்ஸ் வித்தியாசம் இருந்ததால் கரடுமுரடாக உறுமும். புதியதில் அந்த உறுமல் இருக்காது. மிஞ்சுவது விநாடிக்கு ஒரு முறையைவிட மெதுவான அசைவு, அதற்குள் ஸ்வரமே அடங்கிவிடும்.

`buf -= buf.mean()` எதற்கு

தேவையில்லாத அலங்காரம் என்று இந்த வரியை நீக்கிவிடுகிறவர்கள் உண்டு. சராசரி ஃபில்டர் பூஜ்ய அலைவெண்ணைக் குறைப்பதே இல்லை, `cos(0)` ஒன்றுதானே. இரைச்சலின் சராசரி பூஜ்யமாக இல்லாவிட்டால் அந்த மேடு லூப்புக்குள் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். 100 சாம்பிள் இரைச்சலில் அது வழக்கமாக 0.06 அளவுக்கு இருக்கும், 24 சாம்பிளில் இரட்டிப்பாகும். ஒலிக்கும்போது காதுக்கு எதுவும் தெரியாது. ஸ்வரத்தை வெட்டும் இடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒலி அடங்கிய பிறகும் கோடு பூஜ்யத்துக்குச் சற்று மேலேயோ கீழேயோ தட்டையாக ஓடுவது தெரியும். rho = 1 ஆக இருந்தால் அது எத்தனை நேரமானாலும் இறங்காது.

வேறு ஃபில்டர் வைத்தால்

லோபாஸ்தானே வேண்டும் என்று கையில் கிடைத்த பைக்வாட் ஃபில்டரை லூப்பில் வைப்பதுண்டு. வைக்கலாம், இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. முதலாவது, லூப்பின் மொத்தப் பெருக்கம் எந்த அலைவெண்ணிலும் ஒன்றைத் தாண்டக் கூடாது. ரெசொனன்ஸ் உள்ள ஃபில்டர் கட்-ஆஃப் அருகே கொஞ்சம் மேடு தட்டும். அந்த மேடு 1.01 மடங்காக இருந்தால்கூட, 440 சுற்றில் 80 மடங்காகிவிடும். அடங்குவதற்குப் பதில் ஒரு விசில் எழும்பி, வளர்ந்து, கடைசியில் எல்லாம் `nan` ஆகும். ஒரு `nan` உள்ளே புகுந்துவிட்டால் பஃபரைத் துடைத்து மீண்டும் நிரப்பும் வரை அது போகாது.

பிரௌசரில் `BiquadFilterNode` வைத்துச் செய்கிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அதன் `lowpass` வகையில் `Q` டெசிபெல்லில் அளக்கப்படுகிறது, இயல்பு மதிப்பு 1. அதாவது எதையும் தொடாமல் விட்டாலே கட்-ஆஃபில் 1 டெசிபெல் மேடு, 1.12 மடங்கு. ஃபீட்பேக்கை 0.98 என்று வைத்தாலும் வெடிக்கும். `Q` ஐ -3.01க்குக் குறைத்தால் மேடு மறைந்துவிடும்.

இரண்டாவது, தாமதம். சராசரி ஃபில்டர் போல இவை எல்லா அலைவெண்ணையும் ஒரே அளவு தாமதிப்பதில்லை. கட்-ஆஃப் தாழ்வாக இருந்தால் பல சாம்பிள் தாமதம் சேரும், அதுவும் ஹார்மானிக்குக்கு ஹார்மானிக் வேறுபடும். அடிப்படை அலைவெண்ணில் அந்தத் தாமதத்தைக் கணக்கிட்டு N இல் கழித்தால் ஸ்வரம் சரியாகும். மேல் ஹார்மானிக்குகள் முழு எண் விகிதத்திலிருந்து கொஞ்சம் நழுவும். சில சமயம் அது நன்றாகவே இருக்கும், விறைப்பான தடித்த கம்பியின் மணி போன்ற சாயல் தரும். தெரிந்து செய்தால் சரி.

344 ஹெர்ட்ஸ் சுவர்

பிரௌசர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். `DelayNode` ஐ லூப்பில் மாட்டினால் அதன் தாமதம் 128 சாம்பிளுக்குக் கீழே போகாது. கணக்கீடு 128 சாம்பிள் கட்டுகளாக நடப்பதால், ஒரு கட்டின் வெளியீடு அதே கட்டின் உள்ளீடாகத் திரும்பி வர முடியாது. 44100ல் 128 சாம்பிள் என்றால் 344.5 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் எந்த ஸ்வரத்தைக் கேட்டாலும் அதே சுருதிதான் வரும், ஃபில்டரின் தாமதமும் சேர்ந்து அதற்குச் சற்றுக் கீழே. பியூர் டேட்டாவில் கட்டு வழக்கமாக 64 சாம்பிள், அதனால் அங்கே சுவர் 689 ஹெர்ட்ஸில் நிற்கும். அந்த சப்பேட்ச்சுக்குள் `block~ 1` போட்டால் விலகிவிடும். பிரௌசரில் வழி, மேலே உள்ள லூப்பை அப்படியே `AudioWorkletProcessor` உள்ளே ஒவ்வொரு சாம்பிளாக எழுதுவது. மேல் ஸ்வரங்கள் எல்லாம் ஒரே சுருதியில் ஒலிக்கின்றன என்ற புகாரை எங்கே கேட்டாலும் எனக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான்.

மீட்டுவது எப்படி, எங்கே

லூப் சரியானதும், ஒலியின் குணத்தை மாற்ற மிச்சமிருப்பது தொடக்கத்தில் நிரப்பும் இரைச்சல். இங்கே செய்யும் எதுவும் சுருதியையோ கார்வைக் கணக்கையோ தொடாது என்பதால் பயமில்லாமல் விளையாடலாம்.

மென்மையாக மீட்டினால் கம்பியில் மேல் ஹார்மானிக்குகள் குறைவாகவே கிளம்பும். ஒலியளவை மட்டும் குறைத்தால் அது தூரத்தில் பலமாக மீட்டியது போல இருக்கும். எனவே மென்மைக்கு, இரைச்சலை லூப்பில் விடுவதற்கு முன் ஒரு முறை லோபாஸ் செய்துவிடுங்கள். எவ்வளவு மென்மையோ அவ்வளவு தாழ்ந்த கட்-ஆஃப்.

மீட்டும் இடத்துக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. கம்பியின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில் மீட்டினால் 5, 10, 15 ஆகிய ஹார்மானிக்குகள் கிளம்பாது, ஏனென்றால் அந்த இடத்தில் அவற்றுக்கு அசைவே இல்லை. அதையே செய்ய, இரைச்சலில் இருந்து அதன் சுழற்றிய நகலைக் கழியுங்கள்:

```python
k = round(N / 5)
buf = buf - np.roll(buf, k)
```

`np.roll` வட்டமாகச் சுழற்றுவதால் சராசரியும் தானாகவே பூஜ்யமாகிவிடுகிறது, `mean` கழிக்கும் வரியை இப்போது நீக்கிவிடலாம். N / 5க்குப் பதில் N / 2 போட்டால் நடுவில் மீட்டியது போல இரட்டைப்படை ஹார்மானிக்குகள் போய் ஓசை உள்ளீடற்றதாகும். N / 12 போட்டால் பாலத்தை ஒட்டி மீட்டிய மெல்லிய, கூரான ஓசை. 1760 போன்ற ஸ்வரங்களில் N வெறும் 24 என்பதால் k ஒரு சில சாம்பிளாகச் சுருங்கிவிடும். அங்கே மீட்டும் இடத்தைக் கொஞ்சம் நகர்த்தினாலும் k முழு எண்ணாகத் தாவுவதால் ஓசையும் படிப்படியாகத் தாவும்.

இரைச்சல் ஒவ்வொரு முறையும் புதிது என்பதால் ஒரே ஸ்வரத்தை இரண்டு முறை மீட்டினால் இரண்டும் சற்றே வேறாக ஒலிக்கும். வேகமாக ஒரே ஸ்வரத்தைத் திரும்ப மீட்டும் இடங்களில் இது உயிரோட்டம் தரும். சில சமயம் மட்டும், குறிப்பாக N சிறியதாக இருக்கும்போது, ஒரு மீட்டலில் அடிப்படை அலைக்கு மிகக் குறைந்த பங்கு விழுந்து ஸ்வரம் மெலிந்துபோகும். அப்படி ஒன்று காதில் பட்டால் `np.random.seed` வைத்து நல்ல இரைச்சல்கள் சிலவற்றைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, அவற்றையே மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.